தொப்பைய திட்டாம ஜிம்முக்கு ஆள் கூப்பிட முடியாதா?

ஒரு ஃபிட்னஸ் ஸ்டுடியோ ஓனர் மெம்பர்ஷிப்புக்கு 30 செகண்ட் விளம்பர ஸ்கிரிப்ட் கேட்டாரு. இதுவரைக்கும் ஜிம் பக்கமே போகாதவங்க வந்து சேரணுமாம். முதல் வரிய அவரே எழுதி அனுப்பிட்டாரு, "கண்ணாடியில உங்கள பாத்தா உங்களுக்கே பிடிக்கலையா?"

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு. கண்ணாடிய பாக்கவே பிடிக்காத ஆளு, சுவர் முழுக்க கண்ணாடி மாட்டின ஹாலுக்குள்ள தானா நடந்து வருவாரா? அந்த வரிய கேட்டா ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவாரு, அவ்ளோதான்.

அதனால ரிசப்ஷன்ல போன் எடுக்கற பொண்ணுகிட்ட பேசினேன். புதுசா கூப்பிடறவங்க என்னதான்மா கேக்கறாங்கன்னு. என்ன டிரெஸ் போட்டுட்டு வரணும், கூட்டம் கம்மியா இருக்கற நேரம் எது, மெஷின் ஓட்டத் தெரியாதே பரவால்லயா, இதேதான் திரும்பத் திரும்பன்னு சொல்லுச்சு. அப்ப அவங்கள வாசல்ல நிறுத்தி வைக்கறது உடம்பு இல்லீங்க, முதல் நாள் உள்ள என்ன நடக்கும்னு தெரியாத பயம். ஸ்கிரிப்ட் அந்த பயத்துக்கு பதில் சொன்னா போதும், உடம்ப பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்.

நான் எழுதிக் குடுத்தது இது:

"முதல் நாள் உள்ள வரீங்க. எந்த மெஷின்ல எப்படி உக்கார்றதுன்னு தெரியல. தெரிய வேண்டாம், அது எங்க வேலை. ட்ரெய்னர் உங்க உயரத்துக்கு சீட்ட மாத்தி வைப்பாரு. கம்மி வெயிட்ல பத்து தடவை. அப்புறம் பேசிக்கிட்டே நடக்கற வேகத்துல கொஞ்சம் நடை. 40 நிமிஷத்துல முதல் நாள் முடிஞ்சிடும். சேர்றத அப்புறம் பாத்துக்கலாம், ஒரு நாள் வந்து பாருங்க."

நிறுத்தி நிதானமா படிச்சா கரெக்டா 30 செகண்ட். ஷூட்ல முதல் ஷாட், சீட் உயரத்த பூட்டி வைக்கற 'பின்' கம்பிய இழுத்து, கைப்பிடி நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி சீட்ட ஏத்தி, மறுபடி அந்த 'பின்'ன சொருகற கை. அந்த டக்குங்கற சத்தத்தோட ஆரம்பிக்கணும்னு அடம்பிடிச்சேன். புதுசா வர்றவங்க முழிக்கறது சரியா அந்த பின்கிட்டதான்.

ஓனருக்கு திருப்தி இல்ல, "ரிசல்ட் எங்க சார், 30 நாள்ல இத்தனை கிலோன்னு போடுங்க"ன்னாரு. அங்கதான் பெரிய சிக்கல். புதுசா வெயிட் தூக்கறவங்களுக்கு முதல் சில வாரத்துல பலம் ஏறுதுன்னா அதுல பெரும்பங்கு நரம்பு மண்டலம் தசைய நல்லா வேலை வாங்கக் கத்துக்கறதுதான், தசை வளர்றது அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால தூக்கற வெயிட் ஏறிட்டே போனாலும் எடை மெஷின்ல முள்ளு அசையாம நிக்கலாம். கிலோவ சொல்லி சேத்த ஆளு நாலாவது வாரம் முள்ள பாத்துட்டு நின்னுடுவாரு, "மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கறது குறையும்"னு சொல்லி சேத்த ஆளு படியில ஏறிப் பாப்பாரு. அதுக்கும் நாள் கணக்கு போடாதீங்கன்னேன், ஆளுக்கு ஆள் மாறும்.

எடிட்டர் வேற தன் பங்குக்கு ஒரு வேலை பண்ணாரு. தலைய வெட்டிட்டு வயித்த மட்டும் காட்டற ஒரு ஷாட், மங்கலான கலர், சோக மியூசிக். வார்த்தையில திட்டலன்னாலும் படத்துல திட்டியாச்சு. பெரிய உடம்புக்காரங்கள காட்டுங்க, தாராளமா காட்டுங்க, ஆனா முகத்தோட, வெயிட் தூக்கறப்ப காட்டுங்க, 'முன்னாடி இப்படி' படமா மட்டும் காட்டாதீங்க. அதுவுமில்லாம எடை குறைப்புக்கு முன்-பின் படம் போட்டா ஃபேஸ்புக்கே விளம்பரத்த ரிஜெக்ட் பண்ண வாய்ப்பு இருக்கு, தன் உடம்ப பத்தி தப்பா நினைக்க வைக்கற விளம்பரம் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு.

நல்ல மனசோட எழுதறவங்களும் வழுக்கி விழற இடம் ஒண்ணு உண்டு. "குண்டா இருந்தாலும் வாங்க" அப்படின்னு எழுதறாங்க பாருங்க, அந்த "இருந்தாலும்"ல இருக்கற 'உம்' போதும், மன்னிச்சு உள்ள விடற மாதிரி ஆயிடுது. "சாக்கு சொல்லாதீங்க"வும் அதே ரகம், ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற ஆளோட தூக்கம் சாக்கா?

கடைசியில ஸ்கிரிப்ட்ட ஒத்துக்கிட்டாரு, வயித்து ஷாட்டும் போச்சு. ஆனா ஸ்டுடியோ கதவத் திறந்ததும் ரிசப்ஷன் பக்கத்துலயே எடை மெஷின், சேர்ற ஒவ்வொருத்தரையும் அதுல ஏத்தி நம்பர சத்தமா படிச்சு ஃபார்ம்ல எழுதறாங்க. விளம்பரத்துல சொன்ன முதல் நாளும் இதுவும் ஒண்ணில்லயே சார், மெஷின உள் ரூமுக்கு மாத்துங்க, வேணும்னு கேக்கறவங்களுக்கு மட்டும் எடை பாருங்கன்னு மெசேஜ் போட்டிருக்கேன். ப்ளூ டிக் விழுந்து மூணு நாள் ஆச்சு.