வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகு அடிக்கிற மணி

நேற்றும் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்காமல் வந்து நின்றேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அடிக்கிறது: "மாத்திரை வாங்கு". இப்போது சொல்லி என்ன புண்ணியம்?

போனில் இருக்கும் ரிமைண்டர் ஆப்பில் முதலில் நேரத்தைத்தான் வைத்திருந்தேன், இரவு ஏழு மணி. ஏழு மணிக்கு ஒருநாள் ஆபீஸில் இருப்பேன், ஒருநாள் கிண்டியில் கூட்டத்துக்கு நடுவே கையைக்கூட எடுக்க முடியாமல் ரயிலில் தொங்கிக்கொண்டிருப்பேன். சரி, கடை வாசலுக்கே போனதும் சொல்லட்டும் என்று ஆப்பின் மேப்பில் கடையைச் சுற்றி நூறு மீட்டருக்கு வட்டம் போட்டேன், அதற்குள் நான் நுழைந்தால் போன் அடிக்க வேண்டும்.

அங்கேதான் ஏமாந்தேன். சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று போன் நம் இடத்தை ஓயாமல் பார்ப்பதில்லை. பின்னணியில் இருக்கும் ஆப்புக்குத் தகவல் போக 2, 3 நிமிடம் ஆகலாம் என்று ஆண்ட்ராய்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் பைக்கில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறேன். இருநூறு மீட்டர் அகல வட்டத்தைக் கடக்க 24 விநாடி போதும்! போன் விழித்துப் பார்ப்பதற்குள் நான் வீட்டிலேயே இருக்கிறேன். சில நாள் அடிப்பதே இல்லை. இதை அமைக்கும் திரையில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன கேடு? இடத்துக்கான அனுமதியை `Allow all the time` என்று மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். அது இல்லாமல் வேலையே செய்யாது என்பது உண்மைதான், ஆனால் இந்தத் தாமதம் அதனால் போகாது.

வீட்டு வேலைக்கும் இடத்தையே வைக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. "வீட்டுக்கு வந்ததும், வாஷிங் மெஷினில் இருக்கிற துணியை எடு" என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போகவே இல்லை. வெளியே போகாதவள் எப்படி வந்து சேருவாள்? துணி சாயங்காலம் வரை ஈரத்தோடு கிடந்து நாற்றம் எடுத்துவிட்டது. துணிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நேரம்தான் வைக்க வேண்டும். மோட்டார் போட்டு இருபத்தைந்து நிமிடத்தில் டேங்க் நிரம்பும், நான் எங்கே நிற்கிறேன் என்று அது பார்க்காது.

இன்று மாத்திரைக்கான வட்டத்தைக் கடையிலிருந்து எடுத்து, குரோம்பேட்டை ஸ்டேஷனைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குப் போட்டிருக்கிறேன். இறங்கி, படியேறி, ஸ்டாண்டில் பைக்கை எடுப்பதற்குள் எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும். போன் மூன்று நிமிடம் தாமதமாக அடித்தாலும் நான் இன்னும் பைக்கைக் கிளப்பியிருக்க மாட்டேன். அம்மாவிடம் இனி இரண்டு மாத்திரைதான் மீதி இருக்கிறது.