நெகட்டிவ் மார்க்குக்குப் பயந்து விடாதீர்கள், அரைகுறை நினைவுக்குப் பயப்படுங்கள்

"தெரியாத கேள்வியைத் தொடாதே, நெகட்டிவ் மார்க் இருக்கு." யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

கணக்கைப் பாருங்கள். பொது அறிவுத் தாளில் சரியான விடைக்கு 2 மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.66 போகும். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். வந்தது 2, போனதும் 2. நட்டமில்லை, லாபமுமில்லை. ஒரே ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தாலே கணக்கு நம் பக்கம் சாய்ந்துவிடும். அந்தக் கேள்வியைப் பயந்து விடுவதுதான் நட்டம்.

ஆனால் அந்த நீக்கும் வேலையைத்தான் 2023 தாள் கடினமாக்கியது. குடியரசுத் துணைத்தலைவர் தேர்தல் பற்றி நானே ஒரு கேள்வி அமைக்கிறேன். 1. நியமன எம்.பி.க்களும் வாக்களிக்கலாம். 2. எம்.எல்.ஏ.க்கள் வாக்களிப்பார்கள். 3. தேர்தல் தகராறை உச்ச நீதிமன்றம் விசாரிக்கும். பழைய பாணியில் விடைகள் "1, 2", "2, 3", "1, 3", "1, 2, 3" என்று இருக்கும். இரண்டாவது தவறு என்பது மட்டும் தெரிந்தால் போதும், "1, 3" தானாகக் கையில் விழும். 2023இல் நிறையக் கேள்விகள் "மேற்கண்டவற்றுள் எத்தனை சரி?" என்று வந்தன. ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை. இப்போது அதே அறிவால் "மூன்றும்" என்பதை மட்டுமே அடிக்கலாம். மிச்சம் மூன்று நிற்கும்.

அரசியலமைப்புக் கேள்விகளில் உண்மையான ஆபத்து இங்கேதான். குடியரசுத் தலைவர் தேர்தலில் நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை. அதைப் படித்த நினைவில் முதல் வாக்கியத்தையும் தவறென்று அடித்துவிட்டு, "ஒன்று மட்டும்" என்று முழு நம்பிக்கையோடு குறிப்பார்கள். சரியான விடை இரண்டு. இது குருட்டு ஊகம் இல்லை, குருட்டு ஊகத்தைவிட மோசம். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்பவரைப் பிடிக்கவே இப்படிப்பட்ட வாக்கியங்களை வைக்கிறார்கள். இங்கே நான்கில் ஒன்று என்ற சராசரி செல்லாது.

அதனால் என் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாதிரித் தேர்வில் சந்தேகத்தோடு குறித்த கேள்விக்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புள்ளி வைத்தவற்றை மட்டும் தனியாகத் திருத்துங்கள். இருபதில் ஒன்பது சரி என்றால் 18 வந்து 7.33 போகிறது, பத்துக்கு மேல் லாபம். அவர் இன்னும் துணிந்து குறிக்கலாம். நான்குதான் சரி என்றால் 8 வந்து 10.67 போகிறது. அவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் எல்லாப் பாடத்திலும் இல்லை, அடி விழும் பாடத்தில் மட்டும். பொருளாதாரத்தில் நன்றாக ஊகிப்பவர் அரசியலமைப்பில் சறுக்கலாம். பாடவாரியாகப் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் பொது அறிவுரை சொல்லாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே தவறான விடைக்குக் கழிவே இல்லை. யுபிஎஸ்சி பயத்தை அங்கேயும் சுமந்துபோய் ஊகிக்காமல் விட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.