மூக்கை மட்டும் சின்னதாக்கினால் போதுமாம்!

இன்னொரு தடவை யாராவது "அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கி ஒட்டிடுங்க" என்று சொன்னால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

குடும்பக் குழுப் படம் ஒன்று வந்தது. மூன்று மீட்டர் தள்ளி நின்று நார்மல் லென்ஸில் எடுத்த நல்ல படம். அன்று வர முடியாத தம்பியின் முகத்தைப் பின்வரிசையில் சேர்க்க வேண்டும். அதற்கு என்ன தந்தார்கள்? கையை நீட்டி, முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் எடுத்த செல்ஃபி.

முதலில் ஒரு விஷயம். "லென்ஸ் கரெக்‌ஷன் போட்டாச்சே, இன்னும் ஏன் கோணலாக இருக்கிறது?" என்று கேட்கிறவர்களே, அது லென்ஸின் வளைவை நேராக்கும், அவ்வளவுதான். மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸே இல்லை, தூரம். நார்மல் லென்ஸை அதே ஒரு அடியில் வைத்து எடுத்திருந்தாலும் மூக்கு இதே அளவு முன்னால் வந்துதான் நின்றிருக்கும். செல்ஃபி கேமராவின் வைடு லென்ஸ் செய்த குற்றம், அவ்வளவு பக்கத்தில் போக விட்டது. முகம் படத்தின் ஓரத்தில் இருந்தால் மூலைப் பக்கமாக இழுபடும். அது தனிக் கதை, அதை முதலிலேயே சரிசெய்துவிட வேண்டும். இந்தத் தம்பி நல்லவேளையாக நடுவில் இருந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கண் கேமராவிலிருந்து 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூக்கு நுனி அதைவிட 3 செ.மீ. முன்னால், அதாவது 27. காது 9 செ.மீ. பின்னால், 39. தூரம் கூடக் கூட உருவம் சுருங்கும். ஆக, கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு 11 சதவீதம் பெரிது, காது 23 சதவீதம் சிறிது. குழுப் படத்தில் கண் 300 செ.மீ. தள்ளி. அங்கே மூக்கு 1 சதவீதம் பெரிது, காது 3 சதவீதம் சிறிது, அவ்வளவே. ஆகவே செல்ஃபியைக் குழுப் படத்துக்குப் பொருத்த மூக்கைக் குறைக்க வேண்டியது வெறும் 9 சதவீதம். காதுப் பக்கத்தைப் பெரிதாக்க வேண்டியதோ 26 சதவீதம்! பெரிய வேலை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா? எல்லோரும் மூக்கையே குறி வைக்கிறார்கள். தலையின் விளிம்பு, காது, பக்கவாட்டு முடி, கழுத்து எல்லாம் ஒடுங்கிக் கிடப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

அடுத்த தப்பு, ஒட்டும்போது தலையின் உயரத்தைப் பக்கத்தில் நிற்பவரின் தலையோடு சமப்படுத்துவது. விளிம்பு ஏற்கனவே சுருங்கியிருக்கிறதே! அதைச் சமமாக்கினால் கண்ணும் மூக்கும் வாயும் பூதமாக வீங்கும். நான் இரண்டு கருவிழிகளுக்கு இடையேயான தூரத்தைத்தான் அளக்கிறேன். பெரியவர்களிடம் அது பெரிதாக வேறுபடாது. அதே வரிசையில் இருப்பவருக்கு 84 பிக்சல் என்றால், தம்பிக்கும் 84 வைத்தேன். அந்த நிலையில் தலை சுருங்கிய தேங்காய் மாதிரி இருந்தது. இருக்கட்டும், அதுதான் சரியான தொடக்கம். அப்புறம் போட்டோஷாப்பில் `Liquify` திறந்து, கண்களை `Freeze Mask` போட்டு நிறுத்திவிட்டு, முகத்தைவிடப் பெரிய பிரஷ்ஷால் விளிம்பை மெதுவாக வெளியே தள்ளினேன். சின்ன பிரஷ் எடுத்தால் கன்னம் அலை அலையாகிவிடும். மூக்கைக் கடைசியில்தான் தொட்டேன்.

இதிலும் தீராத ஒன்று உண்டு. அவ்வளவு பக்கத்தில் எடுத்தால் கன்னமே காதில் பாதியை மறைத்துவிடும். படத்தில் பதிவாகாத காதை எதைக்கொண்டு பெரிதாக்குவது? அந்தத் தம்பியின் வேறொரு பழைய படத்திலிருந்து இரண்டு காதையும் வெட்டி வந்து, வெளிச்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒட்டினேன். இரண்டு காதுக்கு ஒன்றரை மணி நேரம்! செல்ஃபியைக் கொஞ்சம் மேலிருந்து வேறு எடுத்திருந்தார், நெற்றி அகலம், தாடை ஒடுக்கம். அந்தத் தலைச்சாய்வை ஓரளவுதான் சமாளிக்க முடிந்தது.

போனை யாரிடமாவது கொடுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, கண் உயரத்தில் பின்கேமராவால் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தால் இதில் ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது. அரை நிமிட வேலை.

முடித்து அனுப்பினேன். குடும்பத்தில் எல்லோருக்கும் திருப்தி, தம்பியைத் தவிர. "என் காதை ஏன் இவ்வளவு பெரிதாக்கினீர்கள்?" என்று கேட்கிறார். தினமும் செல்ஃபியில் பார்த்துப் பழகிய முகம் அல்லவா!