குவியலின் உச்சியை வைத்து டன் கணக்கிடாதீர்கள்

வட்டத் தொட்டியில் உள்ள தானிய இருப்பை ஒருவர் இப்படிக் கணக்கிட்டிருக்கிறார்: “தொட்டியின் விட்டம் 6 மீட்டர், குவியலின் உச்சி வரை உயரம் 6.3 மீட்டர். அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் 178 கன மீட்டர், அதாவது 178 டன் மக்காச்சோளம்.”

இதை நம்பி யாரும் விலை பேசிவிட வேண்டாம். உச்சி இருப்பது நடுவில் மட்டும்தான். தானியம் சுவரைத் தொடும் கோடு 5 மீட்டரில் இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அதுவரை 141 கன மீட்டர். மேலே உள்ள 1.3 மீட்டர் கூம்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் சேரும், சுமார் 12. ஆக மொத்தம் 153 கன மீட்டர்.

கூம்பின் உயரத்தில் பாதியைச் சேர்க்கலாம் என்று இன்னொரு நண்பர் சொன்னது பாதி சரி. நீளவாக்கில் முகடு கட்டிய குவியலுக்கு அது பொருந்தும். வட்டத் தொட்டியில் நான்கு டன்னுக்கு மேல் கூடுதலாகக் காட்டிவிடும்.

பெரிய பிழை எடையில். கன மீட்டருக்கு ஒரு டன் என்பது தண்ணீருக்கு. உலர்ந்த மக்காச்சோளம் ஏறத்தாழ 720 கிலோதான். எனவே இருப்பு சுமார் 110 டன். உங்கள் தானியத்தையே 10 லிட்டர் வாளியில் குலுக்காமல் நிரப்பி, மேலே வழித்துவிட்டு எடை போடுங்கள், 7.2 கிலோவுக்கு அருகில் வரும். ஈரமோ தூசியோ இருந்தால் மாறும், அந்த எண்ணையே பயன்படுத்துங்கள்.

தொட்டியின் அடிப்பகுதியும் கூம்பாக இருந்தால் எப்படிக் கணக்கிடுவது என்று ஒருவர் கேட்டதற்கு: அந்தக் கூம்பையும் மூன்றில் ஒரு பங்காகத் தனியே கூட்டுங்கள். அடியில் தானியம் அழுந்துவதால் நிஜ எடை சில சதவீதம் கூடலாம். எவ்வளவு என்பதை எடைமேடைதான் சொல்லும்.