“60,000 கட்டினா நூறு சதவீதம் வேலை, கிடைக்கலைன்னா பணம் வாபஸ்” என்கிற வாட்ஸ்அப் செய்தி உண்மையா?

“வண்ணார்பேட்டையில் ஒரு கோச்சிங்ல சொல்றாங்க அண்ணே, தம்பியைச் சேர்க்கலாமா?”

அதை நம்பிச் சேர்க்காதீங்க. இப்படி நோட்டீஸில் வேலை என்று போடுபவர்கள், கையெழுத்து வாங்கும் தாளில் ‘இண்டர்வியூ ஏற்பாடு செய்வோம்’ என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ரெண்டு மூணு கம்பெனிக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது, பணம் வாபஸுக்கும் வருகைப்பதிவு, தேர்வு மதிப்பெண், எந்த ஊர் வேலையும் ஏற்கணும் என்று நிபந்தனை நிற்கும். பெரிய சிக்கல் தவணை. ‘மாசம் 5,000 போதும்’ என்றால் அது பல இடங்களில் தம்பி பேரில் கடன். பாதியில் நின்றாலும் வங்கிக்கணக்கில் இருந்து போய்க்கொண்டே இருக்கும். ஆதார் கொடுக்கும் முன்னே ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், போன பேட்ச் பையன்கள் நாலு பேரிடம் நேரில் பேசுங்கள்.

வழிகாட்டல் மட்டும்தான் வேணும்னா மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே இலவசம். டிஎன்பிஎஸ்சிக்கு இலவசப் பயிற்சியும் நடத்துகிறார்கள், அடுத்த வகுப்பு எப்போது என்று அங்கேயே கேளுங்கள்.