நிலைப்படியைப் பார்க்கும் நான்காவது கேமரா

"நேற்று இரவு பதினொன்றேகாலுக்கு யாரோ வந்தார்களே, உறவுக்காரரா?" என்று வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். வந்தவன் என் மைத்துனன். ஊரிலிருந்து வந்த பஸ் தாமதமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுபவர். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். படி முடியும் இடத்தில் எங்கள் கதவுக்கு நேர் எதிரே, சுவரில் அந்த வெள்ளை உருண்டை. மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதில் அசைவு தெரிந்தால் அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகனின் போனுக்குத் தகவல் போகிறது. இங்கே நள்ளிரவு நெருங்கும்போது அங்கே பகல். மகன் பார்த்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. முருங்கைக்காய் பறித்தால் எங்களுக்கும் நாலு தருகிற மனிதர். சில மாதங்களுக்கு முன் கீழே நிறுத்தியிருந்த இரண்டு பைக்குகளில் யாரோ பெட்ரோல் திருடிவிட்டார்கள். சென்னையில் இப்படி ஒன்று நடந்தால் காவல் நிலையத்தில் முதலில் கேட்கும் கேள்வியே "கேமரா இருக்கிறதா?" என்பதுதான். "மூன்றாவது கண்" என்று பெயர் வைத்துத் தெருவெல்லாம் கேமரா பொருத்தச் சொன்ன நகரம் இது. அவரும் பொருத்தினார். அதில் எனக்குக் குறை இல்லை.

நான்காவது கேமராவில்தான் எல்லாக் கோளாறும். கடையில் விற்பது நான்கு கேமராவும் ஒரு பதிவுப் பெட்டியும் சேர்ந்த தொகுப்பு. கேட்டுக்கு ஒன்று, பைக் நிறுத்துமிடத்துக்கு ஒன்று, மொட்டைமாடிக்கு ஒன்று போக ஒன்று மிஞ்சியது. ஒயரும் மிஞ்சியது. மாட்ட வந்த பையன் "இதை எங்கே சார் போடட்டும்?" என்று கேட்க, இவர் "மாடிப்படியில் போடு" என்று சொல்லிவிட்டார். என் மனைவி பால் பாக்கெட் எடுக்க வரும் இடத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. மிச்சப்பட்ட ஒரு பொருளுக்கு இடம் தேடியபோது எங்கள் நிலைப்படி கிடைத்தது. இப்படி மாட்டப்பட்ட கேமராக்கள் இந்த ஊரில் எத்தனையோ இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கோபத்தில் அன்றிரவே ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். பாரதிய நியாய சன்ஹிதா 77, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ என்று இணையத்தில் அகப்பட்ட பிரிவுகளையெல்லாம் அடுக்கியிருந்தேன். வழக்கறிஞராக இருக்கும் கல்லூரி நண்பனிடம் காட்டினேன். அவன் பேனாவை எடுத்து முக்கால் பங்கை அடித்துவிட்டான்.

அவன் சொன்ன காரணம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. 77 என்பது பெண்ணை ஒளிந்து பார்ப்பதற்கான பிரிவு. ஆனால் எதைப் பார்ப்பது என்று அதிலேயே வரையறை இருக்கிறது: அந்தரங்க உறுப்புகள் வெளிப்படும் நிலை, கழிவறை, பாலுறவு. 66இ-யும் உடலின் அந்தரங்கப் பகுதியைப் படம் பிடிப்பது பற்றியதுதான். வாசலில் கோலம் போடுவதும் நைட்டியோடு குப்பைக்கூடையை வெளியே வைப்பதும் இவற்றுக்குள் வராது. பொருந்தாத பிரிவை எழுதி மிரட்டினால் வீட்டுக்காரரும் ஒரு வக்கீலிடம் போவார். அந்த வக்கீல் சிரிப்பார். அதோடு கடிதத்தின் நியாயமான பகுதியும் போய்விடும்.

வாடகைச் சட்டம் உதவுமா என்று கேட்டேன். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில் கேமராவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் உரிமையாளர் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. நண்பன் அந்த வரியை வட்டமிட்டான். "ஆள் உள்ளே வருவதற்கே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றால், கண் மட்டும் நாள் முழுவதும் எப்படி உள்ளே வரலாம்?" என்றான். சட்டத்தின் நேரடி வாசகம் இது இல்லை, வாதம்தான். ஆனால் நல்ல வாதம். இன்னொன்றும் சொன்னான். அந்தச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் போக வேண்டுமென்றால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் வாங்கியிருப்பது நல்லது. எங்களுடையதோ பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைத்த ஒப்பந்தம்.

நீதிமன்றங்களில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொன்னது பலருக்குத் தெரியும். இரண்டு வீடுகளுக்கு இடையிலான சண்டையில் அதற்கு என்ன இடம் என்பதற்குக் கொல்கத்தா வழக்கு ஒன்று நெருக்கமானது. ஒரே வீட்டில் வசித்த சகோதரர்களில் ஒருவர் வசிப்பிடப் பகுதிக்குள் கேமரா வைத்தார். மற்றவரின் சம்மதம் இல்லாமல் அப்படி வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025 பிப்ரவரியில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் அது வீட்டுக்குள் இருந்த கேமரா. எங்களுடையது பொதுப் படிக்கட்டில், உரிமையாளரின் சுவரில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும்.

ஆகவே, கேமரா எங்கே இருக்கிறது என்ற சண்டையை விட்டுவிட்டு, அது எதைப் பார்க்கிறது என்பதை நிரூபிப்பது என்று முடிவு செய்தோம்.

அதற்கு ஒரு முக்காலி போதும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஏறி, அதே உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். கேமரா எட்டடி உயரத்தில் இருக்கிறது. கதவுக்கும் அதற்கும் ஆறடி. படத்தைப் பார்த்ததும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கூடம் முழுவதும் விழுந்திருந்தது. கடைசியில் குளியலறைக் கதவும் தெரிந்தது. போன் படத்தைவிட அந்தக் கேமராவின் பார்வை இன்னும் அகலம். இந்த மாதிரிக் கேமராக்களில் பரவலாக வருவது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது ஏறக்குறைய நூறு டிகிரி பார்க்கும். ஆறடி தூரத்தில் பதினான்கு அடி அகலம் என்று கணக்கு வருகிறது. எங்கள் கதவோ மூன்றடி. புழுக்கமாக இருந்தால் காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டு உட்காருகிற வீடு எங்களுடையது. அகச்சிவப்பு விளக்கு இருப்பதால் அந்தக் கேமரா இருட்டிலும் பார்க்கும்.

இதற்கிடையில் என் மகன் ஒரு துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிடலாம் என்றான். கூடாது என்று தடுத்தேன். அடுத்தவர் பொருளில் கை வைத்தால் குற்றவாளி நாமாகிவிடுவோம்.

கடைசியில் கொடுத்த கடிதம் இதுதான். பெயர், முகவரி தவிர அப்படியே தருகிறேன். யாருக்காவது பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். பைக்குகளில் பெட்ரோல் திருடு போன பிறகு தாங்கள் கேமரா பொருத்தியது எங்களுக்கும் பாதுகாப்புதான். கேட், வண்டி நிறுத்துமிடம், மொட்டைமாடி ஆகிய மூன்று கேமராக்கள் குறித்து எங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

மாடிப்படியின் மேல் முனையில் உள்ள நான்காவது கேமரா எங்கள் கதவுக்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில் இருக்கிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கூடமும் குளியலறை வாசலும் அதில் பதிவாகின்றன. அதே இடத்திலிருந்து எடுத்த படத்தை இணைத்துள்ளேன். வீட்டில் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். இந்தக் காட்சிகளைத் தங்கள் குடும்பத்தினர் போனில் பார்க்க முடிகிறது என்பதையும் அறிந்தோம்.

மாடிக்கு வரும் எவரும் கீழ்ப்படியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆகவே அந்தக் கேமராவை எங்கள் கதவுக்கு எதிரிலிருந்து அகற்றி, படிக்கட்டின் அடியில் கேட்டை நோக்கிப் பொருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். திருடனும் தெரிவான், எங்கள் வீடும் தெரியாது. மாற்றும் கூலியில் பாதியை நான் தருகிறேன். மாற்றும் வரை, பதிவுப் பெட்டியின் அமைப்பில் எங்கள் கதவுப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்து வைக்க வேண்டுகிறேன். கேமராவில் ஒலிப்பதிவு இருந்தால் அதை நிறுத்தி, இதுவரை பதிவான எங்கள் வீட்டுக் காட்சிகளை அழித்துவிட்டதாகத் தெரிவிக்கவும். பதினைந்து நாளுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நேரில் கொடுத்தேன். மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டேன். கையெழுத்து கேட்டபோது அவர் முகம் சற்றே மாறியது உண்மை. "வாயால் சொன்னால் போதாதா?" என்றார். போன வாரமே வாயால் சொன்னேன், "பார்க்கலாம்" என்றீர்கள் என்றேன். பிறகு படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "குளியலறைக் கதவா இது?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, "நம் வாசலைப் பார்த்து ஒன்று வைத்திருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?" என்றார். சட்டம், லென்ஸ், பாகை எல்லாவற்றையும் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. நான்கு கேமராவில் ஒன்றுகூட அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்து இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கறுப்புக் கட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அனேகமாக எல்லாப் பதிவுப் பெட்டியிலும் அந்த வசதி உண்டு. திரையில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் அது பதிவாகவே ஆகாது. ஆனால் அதுவே முடிவான தீர்வு ஆகாது. போட்டவரே எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்தது நமக்குத் தெரியாது. அதனால்தான் கடிதத்தில் "மாற்றும் வரை" என்று எழுதினேன்.

பதினோராம் நாள் மாட்ட வந்த அதே பையன் வந்தான். கேமரா கீழே போய்விட்டது. கூலியில் பாதியைக் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். "இனி உங்கள் வாசலில் செருப்பு காணாமல் போனால் என்னைக் கேட்கக் கூடாது" என்றார். சரி என்றேன்.

பழைய காட்சிகளை அழித்தாரா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வட்டு நிரம்பியதும் பழையதன் மேல் புதியது தானாகப் பதிவாகிவிடும் என்று பையன் சொன்னான். வீட்டுக்காரரின் மகன் போனில் சேமித்து வைத்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை வாடகை கொடுக்கப் போகும்போது கையில் கொடுக்க வேண்டும்.