கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் ஆழியாற்றுத் தண்ணீர் குறித்து நடந்த ஒரு குழு உரையாடலுக்கு நெறியாளராக இருந்தேன். கேரளத்தின் சித்தூர்ப் பக்கத்து நெல் விவசாயி, தமிழ்நாட்டின் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி, ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் என மூவர் பேசினார்கள். அதற்கு நான் எழுதிய முதல் தொடக்கவுரை தவறானது என்பதே இப்பதிவுக்குக் காரணம்.

"இரு மாநிலங்களுக்கு இடையே நெடுநாளாக நீடிக்கும் பிரச்சினை" என்று அது தொடங்கியது. அப்படித் தொடங்கினால் முதலில் பேசுபவர் வரலாற்றைத் தொடங்குவார், மற்ற இருவரும் அதை மறுப்பதிலேயே நேரத்தைச் செலவிடுவார்கள். ஆகவே அதை அடித்துவிட்டு, மூவரும் மறுக்க முடியாத ஒன்றை மட்டும் வைத்து எழுதினேன்: "1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தரப்பட வேண்டும். அந்த அளவு சரியா என்பது இன்றைய பேச்சல்ல. அது எந்த வாரத்தில் வருகிறது என்பதே பேச்சு." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொடக்கவுரையில் எதைப் பேசப் போவதில்லை என்று சொல்லிவிடுவதுதான், பிறகு ஒருவரை இடைமறிக்கும் உரிமையை நெறியாளருக்குத் தருகிறது.

இணைப்புரைகளை முழுதாக எழுதிவைப்பது வீண் என்பது என் கருத்து. "அருமையான கருத்து, அடுத்ததாக" என்னும் வாக்கியம் பேசியவரையும் பேசப்போகிறவரையும் ஒருசேர மறக்கச் செய்கிறது. (நானும் பல மேடைகளில் அதைச் சொன்னவன்தான்.) பாதி வாக்கியத்தை மட்டும் எழுதிவைத்து, மறுபாதியை முன்னவர் சொன்ன சொல்லால் நிரப்ப வேண்டும். பொறியாளர் ஆண்டுக் கணக்கைச் சொல்லி முடித்ததும் நெல் விவசாயியிடம், "அவர் ஆண்டைச் சொன்னார், உங்கள் வயலில் எந்தப் பதினைந்து நாள் தண்ணீர் தவறினால் நெல் பதராகும்?" என்று கேட்டேன். கதிர் பூக்கும் நாட்களை அவர் சொன்னார். அந்த நாட்களையே எடுத்து, "அப்போது உங்கள் தோப்பின் நிலை என்ன?" என்று தென்னை விவசாயியிடம் திரும்பினேன். உரை உரையாடலாக மாறியது அங்கேதான்.

கடைசிக் கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்பே எழுதியிருந்தேன்: "அணையில் இருவருக்கும் போதாத தண்ணீர் இருக்கும் ஆண்டில், அந்தப் பதினைந்து நாளில் உங்கள் தரப்பு எதை விட்டுக்கொடுக்கும்?" ஆளுக்கு ஒரு நிமிடம், கடைசியில் பேசியவரே முதலில் பதில் சொல்ல வேண்டும். இத்தகைய கேள்விக்குப் பெரும்பாலும் கோரிக்கையே பதிலாக வரும், கைத்தட்டலும் அதற்கே கிடைக்கும். அன்றும் வந்தது. அதை எதிர்பார்த்து, "கேட்பதை அல்ல, விடுவதைச் சொல்லுங்கள்" என்னும் ஒரு வரியைத் தாளின் அடியில் எழுதிவைத்திருந்தேன்.

தென்னை விவசாயி சற்று நேரம் ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு முறைத் தண்ணீரை நான்கு நாள் தள்ளி எடுத்துக்கொள்ள முடியும் என்றார். பொறியாளர் அதைத் தம் தாளில் குறித்துக்கொண்டார்.